வருமானத்தைக் கூட்டிக் காட்டியதாகக் கூறி வீட்டுக்கடன் மறுத்தது குறித்த புகார்

அனுப்புநர்:
வீட்டுக்கடன் விண்ணப்பதாரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வீட்டுக்கடன் நிறுவனம், கடலூர் கிளை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரியும் நான் அளித்த வீட்டுக்கடன் விண்ணப்பத்தை, வருமானம் ரூ.1,11,000 அளவுக்கு மிகைப்படுத்தப்பட்டுள்ளது என்ற குறிப்புடன் தங்கள் கிளை நிராகரித்துள்ளது. என் சம்பளச் சான்றிதழையும் படிவம் 16-ஐயும் ஒப்பிட்ட முறையில்தான் பிழை இருக்கிறது, விண்ணப்பத்தில் இல்லை.

விண்ணப்பத்தில் கேட்கப்பட்டது தற்போதைய மாத மொத்தச் சம்பளம். 2025 ஜூன் மாதச் சான்றிதழில் உள்ளபடி ரூ.78,000 என்று எழுதினேன். தங்கள் அலுவலர் அதைப் பன்னிரண்டால் பெருக்கி ரூ.9,36,000 என்று வைத்துக்கொண்டு, 2024-25 நிதியாண்டுக்கான படிவம் 16-இன் பகுதி பி-யில் ஆறாவது வரிசையில் உள்ள ரூ.8,25,000-ஐ அதிலிருந்து கழித்திருக்கிறார். அந்த வரிசையில் இருப்பது நான் வாங்கிய சம்பளம் அன்று. நிலையான கழிவு போக வரிக்கு உட்படும் சம்பள வருமானம். புதிய வரி முறையில் அவ்வாண்டுக்கு அனுமதிக்கப்பட்ட கழிவு ரூ.75,000. இது சட்டம் தரும் சலுகையே தவிர, என் கையிலிருந்து போன பணம் அன்று. அதே பக்கத்தின் மேற்பகுதியில், பிரிவு 17(1)-இன் கீழான மொத்தச் சம்பளம் ரூ.9,00,000 என்று தெளிவாக அச்சாகியுள்ளது. ஒப்பிட வேண்டிய தொகை அதுதான்.

எஞ்சிய வேறுபாடு ரூ.36,000. 2024 அக்டோபரில் என் சம்பளம் ரூ.72,000-லிருந்து ரூ.78,000 ஆக உயர்ந்தது. முதல் ஆறு மாதங்களில் மாதம் ரூ.6,000 குறைவாகப் பெற்றதே இந்த ரூ.36,000. இதற்கு என் வாய்மொழி தேவையில்லை. பகுதி ஏ-யில் காலாண்டுவாரியாக வழங்கப்பட்ட தொகையைப் பாருங்கள்: முதல் இரண்டு காலாண்டுகளில் தலா ரூ.2,16,000, அடுத்த இரண்டில் தலா ரூ.2,34,000. மூன்றாம் காலாண்டில் கூடிய ரூ.18,000, மூன்று மாத ஊதிய உயர்வேயன்றி வேறில்லை. நான்கையும் கூட்டினால் அதே ரூ.9,00,000 வருகிறது. பகுதி ஏ, வருமான வரித்துறையின் தளத்திலிருந்தே பதிவிறக்கி வழங்கப்படுவது என்பதால், நான் பணிபுரியும் நிறுவனம் தன் விருப்பப்படி திருத்தியது என்ற ஐயத்துக்கும் இடமில்லை. மாதவாரியாகச் சரிபார்க்க விரும்பினால் படிவம் 26ஏஎஸ்-ஐயும் இணைத்துள்ளேன்.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரு தொகை விளக்கமின்றி நின்றிருந்தால் தாங்கள் கேள்வி கேட்பது முறையே. ஆனால் 75,000-உம் 36,000-உம் சேர்ந்து தங்கள் குறிப்பிலுள்ள 1,11,000-ஐ மிச்சமின்றி நிரப்பிவிடுகின்றன. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கிளையிலேயே முடிந்திருக்கும்.

எனவே, மிகைப்படுத்தல் என்ற குறிப்பை என் கோப்பிலிருந்து நீக்கி, அதை எழுத்துமூலம் உறுதிசெய்து, ரூ.78,000 மாதச் சம்பளத்தின் அடிப்படையில் கடன் தகுதியை மறுபடி கணக்கிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், இதே ஆவணங்களுடன் தேசிய வீட்டுவசதி வங்கியிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரர்

இணைப்பு: சம்பளச் சான்றிதழ், படிவம் 16 (இரு பகுதிகளும்), படிவம் 26ஏஎஸ், ஊதிய உயர்வு ஆணை, தங்கள் நிராகரிப்புக் கடிதம்.