வகைக்கெழுச் சமன்பாடுகள்: அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் மாற்றம்

அன்புள்ள மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம். இந்தப் பாடத்தில் ஒப்படைப்புகளுக்கு 30, இடைத்தேர்வுக்கு 20, இறுதித் தேர்வுக்கு 50 என்று பருவத் தொடக்கத்தில் அறிவித்திருந்தோம். இப்போது ஒப்படைப்புகளுக்கு 15 மதிப்பெண்தான். மீதி 15 வகுப்புத் தேர்வுகளுக்குப் போகிறது. மற்ற இரண்டும் அப்படியே இருக்கும்.

பருவத்தின் நடுவில் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பது நியாயமே. முதல் இரண்டு ஒப்படைப்புகளில் ஏறக்குறைய எல்லோரும் 7.5-க்கு 6.5 அல்லது 7 வாங்கியிருக்கிறார்கள். இடைத்தேர்விலோ 20-க்கு 5 முதல் 18 வரை பரந்து கிடக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவு கிடைக்கும் மதிப்பெண், தாளில் 30 என்று இருந்தாலும், யாருக்குப் பாடம் புரிந்தது என்பதைக் காட்டாது.

இடைத்தேர்வில் அதிகம் பேர் தடுக்கி விழுந்த கணக்கு இது: dy/dx = 2y, y(0) = 3. மாறிகளைப் பிரித்துத் தொகையிட்டால் ln y = 2x + C. இதிலிருந்து y = Ae^(2x); A = 3 என்பதால் விடை y = 3e^(2x). பலர் C-ஐ அடுக்கில் வைக்காமல் கடைசியில் கூட்டி, y = e^(2x) + 2 என்று எழுதியிருந்தார்கள். x = 0 போட்டால் இதிலும் 3 வருகிறது; அதனால் சரி என்று நம்பிவிடுகிறோம். சமன்பாட்டில் பொருத்திப் பார்த்தால் இடப்பக்கம் 2e^(2x), வலப்பக்கம் 2e^(2x) + 4. இதே வகைக் கணக்கை ஒப்படைப்பில் யாருமே தவறவிடவில்லை. குறிப்பேட்டைத் திறந்து வைத்து எழுதும்போது இந்தத் தவறு வெளியே தெரிவதில்லை.

ஆகவே மூன்றாம், நான்காம் ஒப்படைப்புகளுக்குப் பதிலாக 20 நிமிட வகுப்புத் தேர்வுகள் மூன்று நடக்கும். ஒவ்வொன்றுக்கும் 7.5. அதிகம் வாங்கிய இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கு வர முடியாமல் போனால் அதுவே விடுபடும் தேர்வு, மறுதேர்வு கிடையாது. மாறிகளைப் பிரிக்க 2, தொகையிட 2, மாறிலியைச் சரியாகக் கையாள 2, விடையைச் சமன்பாட்டில் பொருத்திச் சரிபார்க்க 1.5. விடை தவறானாலும் அது பொருந்தவில்லை என்று கண்டு எழுதினால் அந்த 1.5 உண்டு.

ஏற்கெனவே தந்த இரண்டு ஒப்படைப்புகளின் மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை. ஒருவர் அவற்றில் 6.5, 6 வாங்கியிருந்தால் அந்த 12.5 அவருடையதே. வகுப்புத் தேர்வுகளில் 3, 5, 6 எடுத்தால் 3 நீங்கி 11 சேரும். இடைத்தேர்வில் 9, இறுதியில் 28 என்றால் மொத்தம் 60.5.

மூன்றாம் ஒப்படைப்பை இப்போதே எழுதி முடித்தவர்கள் கொண்டு வாருங்கள். மதிப்பெண் கிடையாது, ஆனால் திருத்தித் தருகிறேன். முதல் வகுப்புத் தேர்வு அதே பகுதியிலிருந்துதான்.

இப்படிக்கு,
பாட விரிவுரையாளர்