எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: "ஹேவ்" ஏன் தவறானது?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு இங்கிலீஷ் விடைத்தாளோடு ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். "நீதர் மை ஃபாதர் நார் மை மதர் ___ கம்" என்ற கேள்வியில் கோடிட்ட இடத்தில் அவர் மகள் "ஹேவ்" என்று எழுதியிருந்தாள். "அப்பா, அம்மான்னு ரெண்டு பேர் இருக்காங்களே சார், ஏன் மார்க் குறைச்சீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வகுப்பில் பலரும் இப்படித்தான் எழுதியிருந்தார்கள் என்பதால் எல்லோருக்கும் பதில் எழுதுகிறேன்.

பிள்ளைகள் தமிழில் நினைத்துப் பார்த்து எழுதுகிறார்கள். "அப்பாவும் அம்மாவும் வரவில்லை" என்கிறோம். அந்த "உம்" இருவரையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. நான், நீ, அவர்கள் என யார் வராவிட்டாலும் "வரவில்லை" மாறுவதில்லை. அதனால் ஒருமையா பன்மையா என்று யோசிக்கத் தமிழில் அவசியமே வரவில்லை. இங்கிலீஷில் "ஆன்ட்" தான் ஆட்களைச் சேர்க்கும். "ஆர்", "நார்" இரண்டும் சேர்க்காமல் தனித்தனியாகவே நிறுத்தும். அப்பா ஒருவர், அம்மா ஒருவர், எனவே "ஹேஸ்".

ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் பலர் என்றால்? வினைக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டும். "நீதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடண்ட்ஸ் ஹேவ் கம்." திருப்பிப் போட்டால், "நீதர் தி ஸ்டூடண்ட்ஸ் நார் தி டீச்சர் ஹேஸ் கம்." இரண்டும் சரிதான். ஆனால் இரண்டாவது காதுக்கு இடறும். எழுதும்போது பன்மையைப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் சோதிக்க ஒரு வழி உண்டு. "நார்" அல்லது "ஆர்" வரை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படிக்கச் சொல்லுங்கள். "மை மதர் ஹேவ் கம்" என்று வந்தால் பிள்ளைக்கே தவறு தெரிந்துவிடும். "ஐதர் மை பிரதர் ஆர் ஐ ஹேவ் தி கீ" என்பதில் "ஹேவ்" வருவதும் இதனால்தான். பக்கத்தில் "ஐ" நிற்கிறது.

கேள்வி வாக்கியத்தில் மட்டும் இந்த விரல் உதவாது. அங்கே வினை முன்னால் வந்துவிடும்: "ஹேஸ் ஐதர் யுவர் ஃபாதர் ஆர் யுவர் பிரதர்ஸ் கம்?" இப்போது வினைக்குப் பக்கத்தில் இருப்பவர் அப்பா.

அப்புறம், "கேம்", "வில்", "கேன்" போன்றவை யாருக்கும் மாறாதவை. அவற்றை வைத்துப் பயிற்சி செய்தால் தவறு வெளியே தெரியாது. "ஹேஸ், ஹேவ்", "வாஸ், வேர்" வரும் வாக்கியங்களையே கொடுங்கள்.

இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் பேச்சில் "நீதர்... நார்" வாக்கியத்துக்குப் பன்மை போடுவதுண்டு. டிவியில் அப்படிக் கேட்டதாகப் பிள்ளை சொன்னால் அது பொய்யல்ல. ஆனால் தேர்வில் மேலே சொன்ன முறைப்படிதான் திருத்துகிறோம்.

விடைத்தாளில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்