அரையாண்டுக் கடிதம்: தேர்வு, விளையாட்டு விழா, ஓர் இளநீர் பாட்டில்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்கள் விடுமுறை முடிந்து வந்ததும் கிடைக்கும். விளையாட்டு விழாவில் எல்லாப் பிள்ளைகளும் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள், குழந்தைகள் தின நாடகமும் சிறப்பாக அமைந்தது. மூன்றாம் வகுப்பு மாணவர்கள் போட்ட கீரைப் பாத்தியில் இரண்டு முறை அறுவடை ஆகிவிட்டது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த டிசம்பரில் ப்ரீ-கேஜியிலும் காப்பகத்திலும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றால் போனது. விசாரித்தபோது, அநேகமாக எல்லா வீட்டிலும் முதலில் கொடுத்தது இளநீர். இது பொள்ளாச்சி. தோப்பில் கை நீட்டினால் இளநீர். பேதி ஆனால் இளநீர் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். ஆகவே இளநீருக்கு எதிராகக் கடிதம் எழுதுகிற துணிச்சல் எனக்கு இல்லை. அதை எந்த நேரத்தில், எதற்குப் பதிலாகக் கொடுக்கிறோம் என்பதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

இரண்டு வாரம் முன்பு நடந்தது இது. சம்பந்தப்பட்ட பெற்றோரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இரண்டரை வயதுப் பையன், எடை 11 கிலோ. காலையில் வகுப்புக்கு வந்ததும் ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டான். விளையாட்டுச் சாமான் எதையும் தொடவில்லை. ஆயாம்மாதான் என்னைக் கூப்பிட்டார். கண்கள் உள்ளே போயிருந்தன. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விட்டேன். உடனே சமமாகாமல் மடிப்பு சற்று நேரம் அப்படியே நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்தான், மறுபடி மூடிக்கொண்டான். பையில் இருந்த பாட்டிலைத் திறந்தால் இளநீர். காலை எட்டு மணிக்கு ஊற்றியது, பத்தரைக்கே லேசாகப் புளித்த வாடை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "ரெண்டு நாளா வயித்தால போகுதுங்க டீச்சர். ஆனா இளநி விடாமக் குடுத்துட்டுத்தான் இருக்கறனுங்க" என்றார். அலட்சியமான அம்மா இல்லை, முந்தின நாள் எட்டு முறை போனான் என்று எண்ணியே வைத்திருந்தார். மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உப்பு, அதாவது சோடியம், 126. இருக்கவேண்டியது 135-க்கு மேல். "தண்ணி குடிச்சிருக்கான், உப்புதான் உள்ள போகவே இல்லை" என்றார் டாக்டர். இன்னும் இறங்கியிருந்தால் வலிப்பு வரும் என்றும் சொன்னார். டிரிப் ஏற்றி, இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது பையன் நன்றாக இருக்கிறான், நேற்று என் மேஜை மணியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அவ்வளவு இளநீர் கொடுத்தும் ஏன் இப்படி ஆனது என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. டாக்டர் சொன்ன கணக்கையே எழுதுகிறேன். ஒரு முறை தண்ணீராகப் போனால் குத்துமதிப்பாக 100 மில்லி என்று வைத்துக்கொள்வோம். எட்டு முறைக்கு 800 மில்லி. குழந்தைகளின் சாதாரண வயிற்றுப்போக்கில் அந்த 800 மில்லியோடு ஏறத்தாழ 2 கிராம் உப்பு வெளியே போகும். பையனுக்குக் கொடுத்தது மூன்று இளநீர், அதுவும் ஏறக்குறைய 800 மில்லிதான். ஆக, தண்ணீர்க் கணக்கு சரி. ஆனால் இளநீரில் சோடியம் மிகவும் குறைவு. மூன்று காயிலும் சேர்த்துக் கால் கிராம் உப்புக்கு ஈடாக வந்திருந்தால் அதிகம். போன 2 கிராமுக்குத் திரும்பி வந்தது கால். அடுத்த நாளும் இதே கதைதான். அதே 800 மில்லியை ஓ.ஆர்.எஸ். கரைசலாகக் கொடுத்திருந்தால் மூன்றரை கிராம் உப்புக்கு ஈடாகக் கிடைத்திருக்கும். மிச்சத்தைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும்.

இளநீரில் நிறைய இருப்பது பொட்டாசியம். ஓ.ஆர்.எஸ்.ஸில் இருப்பதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் போகத்தான் செய்கிறது, அந்த வகையில் இளநீர் உதவும்தான். ஆனால் நீர் வற்றி, பிள்ளை ஒன்றுக்கே போகாமல் இருக்கும்போது அது வெளியேற வழி இல்லாமல் ரத்தத்தில் சேரும். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பைத் தொடும்.

"இளநியிலும் சர்க்கரை இருக்குது, பாக்கெட்டிலும் சர்க்கரைதானே" என்று ஒரு தாத்தா என்னிடம் வாதாடினார். குடல் சுவரில் ஒரு வாசல் உண்டு. அதில் குளுக்கோஸ் தனியாக நுழைய முடியாது, சோடியத்தைக் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும். இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். வயிற்றுப்போக்கின்போது குடல் எவ்வளவு கெட்டிருந்தாலும் இந்த வாசல் பெரும்பாலும் திறந்தே இருக்கும் என்பதுதான் ஓ.ஆர்.எஸ்.ஸின் அடிப்படை. அதனால்தான் அதில் குளுக்கோஸும் சோடியமும் சரிக்குச் சரி, லிட்டருக்கு 75 மில்லிமோல் வீதம் இருக்கின்றன. இளநீரில் சர்க்கரைக்குக் கூட்டாளி இல்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது போன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்துத்தான் ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். "அது கெமிக்கல் பவுடர், இளநி இயற்கை" என்று சொல்பவர்களுக்கு இதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இளநீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் போதாதா என்றும் கேட்கிறீர்கள். உங்கள் சிட்டிகையும் உங்கள் மாமியார் சிட்டிகையும் ஒன்றல்ல. வழுக்கை கட்டாத காய்க்கும் முற்றிய காய்க்கும் சர்க்கரை வேறு. உப்புப் போட்டாலும் பொட்டாசியம் குறையாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் பாக்கெட் இலவசமாகக் கிடைக்கும்போது இந்தச் சோதனை எதற்கு?

ஆனால் பாக்கெட்டிலும் தப்பு நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் 1 லிட்டர் பாக்கெட், 200 மில்லி பாக்கெட் என்று இரண்டும் உண்டு. 1 லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு ஏறிப்போய் வேறு ஆபத்து. பாக்கெட்டைப் பாதியாகப் பிரித்து அரை லிட்டரில் கலப்பதும் வேண்டாம், தூள் ஒரே சீராகப் பிரியாது. கொதித்து ஆறிய தண்ணீரை அளந்து எடுத்து, முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். சர்க்கரை, பால், ஜூஸ் எதுவும் சேர்க்கக் கூடாது. கரைத்த பிறகு கொதிக்க வைக்கவும் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்ட இனிப்பு டெட்ரா பாக்கெட்டுகளை நம்பாதீர்கள். அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது. பழைய சரக்கு எங்காவது இருக்கலாம், உறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

எவ்வளவு கொடுப்பது? இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் கால் டம்ளர் முதல் அரை டம்ளர். அதற்கு மேல் அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர். மடமடவென்று ஊட்டினால் வாந்தி வரும். வந்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மறுபடி தொடங்குங்கள். கூடவே டாக்டரைக் கேட்டு ஜிங்க் மாத்திரை, 14 நாள். மூன்றாம் நாளே பேதி நின்றுவிட்டது என்று அதை நிறுத்த வேண்டாம். சோறு, இட்லி, தயிர் எதையும் நிறுத்தத் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தால் தாய்ப்பாலை இன்னும் அடிக்கடி கொடுங்கள், டாக்டர் சொன்னபடி ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். அந்த வயதில் இளநீரே வேண்டாம், சங்கில் ஒரு மடக்கு என்றாலும் வேண்டாம்.

அப்படியானால் இளநீர் எப்போது? பிள்ளை ஓடி விளையாடுகிறது, கண்ணில் தெளிவு இருக்கிறது, இரண்டு மூன்று முறைதான் போயிருக்கிறது என்றால், ஓ.ஆர்.எஸ்.ஸுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஓர் அரை டம்ளர், வெட்டிய கையோடு கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனமும் வீட்டில் தரக்கூடிய பானங்களில் இளநீரைச் சேர்த்திருக்கிறது, உப்பு இல்லாத பானங்கள் என்ற வரிசையில். கண் குழி விழுந்த பிறகு கொடுக்க வேண்டியது அது அல்ல.

இனி சொல்வதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். வயிற்றால் போகிற பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். கடைசியாகத் தண்ணீராகப் போய் 48 மணி நேரம் ஆன பிறகு அனுப்புங்கள். காலையில் ஒரு தரம்தான் போச்சு, அப்புறம் சரியாயிடுச்சு என்று டைரியில் எழுதி அனுப்புவதை இனி ஏற்கமாட்டோம். பாட்டிலில் இளநீர் வந்தால் திறக்காமல் மாலையில் திருப்பித் தருவோம். தூங்கி விழுகிற, குடிக்க மறுக்கிற, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாத, மலத்தில் ரத்தம் போகிற பிள்ளையைப் பார்த்தால், உங்கள் போனுக்குக் காத்திராமல் நேரே மருத்துவமனைக்கு அழைத்துப் போவோம். நீங்கள் அங்கே வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.

மில் ஷிஃப்டுக்குப் போகிற அம்மாக்களுக்கு இரண்டு நாள் லீவு என்பது சம்பளக் கணக்கு என்று எனக்குத் தெரியும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் முதல் நாளே சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் பெற்றோர் இருவர் உதவ முன்வந்திருக்கிறார்கள், பேசிப் பார்க்கலாம்.

ரிப்போர்ட் கார்டு வாங்க வரும்போது அலுவலக அறையில் ஆளுக்கு இரண்டு 1 லிட்டர் பாக்கெட் வாங்கிக்கொண்டு போங்கள். சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். அன்று ஆயாம்மா ஒரு பாக்கெட்டை உங்கள் கண்முன் கலந்து காட்டுவார், லிட்டர் அளவுப் பாத்திரம் இல்லாதவர்கள் வீட்டுப் பாட்டிலைக் கொண்டுவந்தால் அளவுக்கோடு போட்டுத் தருவார்.

நடந்ததை எழுத அனுமதித்த அந்த அம்மாவுக்கு என் தனி நன்றி. தோப்பிலிருந்து விளையாட்டு விழாவுக்கு நூறு இளநீர் இறக்கிக் கொடுத்த பெற்றோருக்கும் நன்றி. அதை நானே இரண்டு குடித்தேன். பள்ளி ஜனவரியில் திறக்கும், தேதி டைரியில் ஒட்டப்பட்டிருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்