தம்ப்நெயில் ஒன்று சொல்கிறது, தலைப்பு வேறு சொல்கிறது, வீடியோவில் இருப்பது மூன்றாவது

அனுப்புநர்: வீட்டுச் சாதனப் பழுதுபார்ப்பு யூடியூப் சேனலின் உரிமையாளர்
பெறுநர்: மேலாளர், சேனல் பராமரிப்புப் பிரிவு
பொருள்: மிக்ஸி கார்பன் பிரஷ் வீடியோவுக்குத் தவறான தம்ப்நெயிலும் தலைப்பும் வைத்தது; திருத்த மறுத்தது; பணத்தைத் திருப்பித் தருவது

ஐயா, வணக்கம்.

தொலைபேசி, வாட்ஸ்அப், மின்னஞ்சல், நேரில் வருவது என்று எல்லா வழியும் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். எடிட்டிங், தம்ப்நெயில், தலைப்பு மூன்றையும் சேர்த்துத்தான் உங்களிடம் மாதக் கட்டணத்துக்கு ஒப்படைத்தோம். மூன்றும் ஒரே கையில் இருந்தால் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்பதுதான் அதற்குக் காரணம்.

நீங்கள் ஏற்றிய வீடியோவைத் திறந்து பாருங்கள். தம்ப்நெயிலில் மிக்ஸி தீப்பிடித்துப் புகைகிறது, மேலே "மோட்டார் போச்சா?" என்ற எழுத்து. தலைப்பு, "மிக்ஸி ஓடலையா? இந்த பட்டனை மட்டும் அழுத்துங்க". வீடியோவில் நாங்கள் செய்து காட்டியதோ தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றுவது. புகையைப் பார்த்து வருகிறவரின் மிக்ஸியில் பெரும்பாலும் மோட்டாரின் கம்பிச் சுற்றான வைண்டிங் கருகியிருக்கும். பிரஷ் மாற்றினால் அது சரியாகாது. பட்டனை நம்பி வருகிறவருக்கு அடியில் இருக்கும் சிவப்பு ஓவர்லோட் பட்டனை அழுத்தினால் வேலை முடிந்துவிடும். திருப்புளி எடுக்க வேண்டியதே இல்லை. பிரஷ் தேய்ந்து, ஸ்பிரிங் அழுத்தியும் மோட்டாரில் சுழலும் கம்யூட்டேட்டரைத் தொடாமல், விட்டுவிட்டு ஓடி நின்றுபோன மிக்ஸி வைத்திருப்பவருக்குத்தான் இந்த வீடியோ. அவரை அழைக்க ஒரு சொல்கூட வெளியே இல்லை.

தொடக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 0:00 முதல் 0:09 வரை சுழலும் லோகோ. பிறகு 0:35 வரை வணக்கமும் சப்ஸ்கிரைப் வேண்டுகோளும். 1:50 வரை மிக்ஸி வகைகள். 1:50-இல்தான் சிவப்பு பட்டன், 3:10-இல் முதன்முறையாக பிரஷ். யூடியூப் முகப்பில் விரல் நின்றாலே வீடியோ பெரும்பாலும் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கிவிடுகிறது. அப்படிப் பார்க்கிறவருக்கு உங்கள் முதல் ஒன்பது நொடியில் கிடைப்பது லோகோ மட்டும்தான்.

இதைக் கேட்டபோது உங்கள் கணக்கு மேலாளர் சொன்ன பதில் இது: "சி.டி.ஆர். ஏறியிருக்குல்ல சார், அப்புறம் என்ன வேணும் உங்களுக்கு? வீடியோவ நீங்க ஒழுங்கா எடுத்திருந்தா ஜனம் நின்னு பாத்திருக்கும்." பேசி முடிப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். கட்டணம் வாங்கும்போது அவரிடம் இருந்த பேச்சு இதுவல்ல.

சி.டி.ஆர். என்பது காட்டப்பட்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் சொடுக்கினார்கள் என்ற கணக்கு மட்டுமே. தீப்பிடித்த மிக்ஸியைப் போட்டால் அது ஏறத்தான் செய்யும். யூடியூப் ஸ்டுடியோவில் அதே வீடியோவின் ஆடியன்ஸ் ரிடென்ஷன் வரைபடத்தைத் திறந்தால், 30-ஆவது நொடியில் எத்தனை சதவீதம் பேர் இன்னும் பார்க்கிறார்கள் என்று தனியாகவே எழுதியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சி.டி.ஆர். உயர்ந்து, அந்த 30 நொடிக் கணக்கு சேனலின் வழக்கமான அளவுக்குக் கீழே விழுந்தால், வெளியே சொன்னது உள்ளே இல்லை என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். எங்கள் வரைபடம் தொடக்கத்திலேயே செங்குத்தாக விழுந்து, 3:10 அருகே மேடாக எழும்புகிறது. பொறுமை இருந்தவர்கள் தள்ளிக்கொண்டே போய்ப் பிரஷ்ஷைத் தேடியிருக்கிறார்கள். எடுத்த விதம் தப்பு என்றால் அந்த மேடு ஏன் வருகிறது? கருத்துப் பகுதியைப் படித்தாலும் தெரியும், "புகை வந்த மிக்ஸிக்கு என்ன செய்யணும்?" என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது.

இதில் எங்களால் மறக்க முடியாதது வடபழனி அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த நாள். மதியம் வரை காக்கவைத்துவிட்டு, "ஏத்தின வீடியோவ மாத்த முடியாது, டெலிட் பண்ணிட்டு புதுசா ஏத்தணும், அதுக்குத் தனி சார்ஜ்" என்று வரவேற்பறையிலேயே சொல்லி அனுப்பினார்கள். இதையே தொழிலாக நடத்தும் நிறுவனத்துக்கு ஸ்டுடியோ எடிட்டரில் வெட்டும் வசதி இருப்பது தெரியாதா? அதில் புதுக் காட்சி சேர்க்க முடியாது, உண்மைதான். ஆனால் இருப்பதை வெட்டலாம். இணைப்பு, பார்வைகள், கருத்துகள் எல்லாம் அப்படியே இருக்கும். வெட்டியது செயலுக்கு வரச் சில மணி நேரம் ஆகலாம், அதுவரை பழையது ஓடும், அவ்வளவுதான். நீங்கள் சொன்னபடி அழித்திருந்தால் எங்கள் சேனலே அழிந்திருக்கும்!

தயவுசெய்து கீழே சொல்வதைச் செய்து கொடுங்கள்.

முதலில் 0:00 முதல் 1:50 வரை முழுவதும் வெட்ட வேண்டும். அப்போது வீடியோ சிவப்பு பட்டனை அழுத்தியும் மிக்ஸி ஓடாத காட்சியில் தொடங்கும். அடுத்து, பட்டனை அழுத்திக் காட்டி முடித்த இடத்திலிருந்து 3:10 வரை உள்ள விளக்கத்தையும் எடுத்துவிட்டால், பழைய பிரஷ்ஷும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் காட்சி 20 நொடிக்குள் வந்துவிடும். பிளக்கைப் பிடுங்கச் சொல்லும் வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். வெட்டியபின் விளக்கப் பகுதியில் இருக்கும் சாப்டர் நேரங்கள் தாமாக மாறாது. கையால் திருத்த வேண்டும், முதல் நேரம் 0:00 ஆகவே இருக்க வேண்டும். இறுதித் திரை தன் இடத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தலைப்பு இப்படி இருக்கட்டும்: "ரெட் பட்டன் அழுத்தியும் மிக்ஸி ஓடலையா? கார்பன் பிரஷ் மாத்துவது எப்படி". 100 எழுத்து வரை இடம் உண்டு என்பதற்காக முன்னால் எங்கள் சேனல் பெயரை ஒட்டாதீர்கள்; கைபேசியில் பின்பாதி வெட்டுப்பட்டுப்போகும். பட்டனை அழுத்தி ஓடிவிட்ட மிக்ஸிக்காரர் இந்தத் தலைப்பைப் பார்த்தே விலகிவிடுவார். சி.டி.ஆர். சற்றுக் குறையும். குறையட்டும், அவர் நம் பார்வையாளர் அல்ல.

தம்ப்நெயிலில் தீ வேண்டாம், புகை வேண்டாம். 1280-க்கு 720 அளவில், வீடியோவிலேயே வரும் அந்த இரண்டு பிரஷ் காட்சியைப் பெரிதாக வைத்து, "தேஞ்சு போச்சா?" என்று இரண்டே சொற்கள். தலைப்பில் உள்ளதைத் திருப்பி எழுதாமல், படத்தில் எதைப் பார்ப்பது என்று சொன்னால் போதும். சென்ற முறை எழுத்தை வலது கீழ் மூலையில் வைத்தீர்கள். வீடியோ நேரம் காட்டும் கறுப்புப் பட்டை கடைசிச் சொல்லை மறைத்துவிட்டது. மெல்லிய எழுத்துரு போட்டால் கைபேசியில் புள்ளியும் கொம்பும் காணாமல்போகின்றன. படத்தைப் பெருவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

சந்தேகம் இருந்தால் ஸ்டுடியோவில் மூன்று தம்ப்நெயில் வரை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது. எது வென்றது என்பதை அது பார்வை நேரத்தின் பங்கை வைத்துத்தான் சொல்கிறது, சொடுக்கை வைத்து அல்ல. உங்கள் கணக்கு மேலாளருக்கு இதை யாராவது சொல்லுங்கள்.

தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் சொன்னது வீடியோவில் இல்லாமல் ஏமாற்றுவது யூடியூப் விதிகளுக்கே எதிரானது. நடவடிக்கை வந்தால் வருவது எங்கள் சேனலுக்குத்தான், உங்களுக்கு அல்ல. சுயதொழிலாக நடத்தும் சேனலின் பிழைப்பே போய்விட்டது போல இருக்கிறது எங்களுக்கு.

ஏழு நாளுக்குள் மேற்கண்ட திருத்தங்களைச் செய்து, இந்த மாதக் கட்டணத்தையும் திருப்பித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இல்லையென்றால் வரைபடப் படங்கள், வாட்ஸ்அப் உரையாடல், ரசீதுகளோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் பதிவாகும். பதில் எழுத்தில் வர வேண்டும். அந்தக் கணக்கு மேலாளர் தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சேனல் உரிமையாளர்

இணைப்பு: ரிடென்ஷன் வரைபடம், பழைய தம்ப்நெயில், கட்டண ரசீது