பொருள்: மொட்டை மாடியில் உங்கள் நிறுவனம் செய்த வெப்பத்தடுப்புப் பூச்சு, ஓட்டு வேலையில் குறைபாடு, உத்தரவாதத்தை மறுத்தது குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு மேலாளர்

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியின் பாதியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடுகளும், மீதிப் பாதியில் கூல் ரூஃப் பூச்சும் உங்கள் ஆட்களே போட்டார்கள். வேலை முடிந்து ஒரு மழைக்காலம் தாண்டியிருக்கிறது. ஓடு போட்ட பக்கத்து அறையில் இப்போது மதியம் உட்கார முடிகிறது. பூச்சு அடித்த பக்கத்து அறையில் இரவு ஒன்பது மணிக்கும் மேற்கூரை அனல் விடுகிறது. பூச்சும் பல இடங்களில் கொப்புளம் கட்டி உரிகிறது.

இதைச் சொன்னதும் உங்கள் பொறியாளர் வந்து பார்த்தார். "தண்ணீர் தேங்கியிருக்கிறது, அதனால் உத்தரவாதம் செல்லாது. சூடு குறையாததற்குக் காரணம் தூசு, கழுவி விடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த இரண்டு காரணங்களையும் நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். மழைநீர் இறங்கும் குழாயின் வாய் ஓடு போட்ட பக்கத்தில்தான் இருக்கிறது. வேலைக்கு முன் மாடி முழுவதும் அந்தக் குழாயை நோக்கி வாட்டமாக இருந்தது, எங்கும் தண்ணீர் நின்றதில்லை. உங்கள் ஆட்கள் அந்தப் பக்கத்தில் கலவை போட்டு அதன்மேல் ஓடு பதித்ததில் தளம் 4 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. பூச்சு அடித்த பாதி பழைய மட்டத்திலேயே இருக்கிறது. அதாவது தண்ணீர் போக வேண்டிய வழியில் நீங்களே ஒரு படி கட்டிவிட்டீர்கள். மழை விட்ட பிறகும் அந்தப் படி ஓரமாகத் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிறது. கொப்புளங்கள் அங்கேதான் அதிகம், படியை விட்டு விலக விலகக் குறைகின்றன. தேங்கும் தண்ணீரை அக்ரிலிக் பூச்சு தாங்காது என்பது உங்கள் தயாரிப்புக் கையேட்டிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, ஓடு எங்கே, பூச்சு எங்கே என்று திட்டம் போட்டவர்கள் இதை யோசித்திருக்க வேண்டாமா? நீங்கள் உண்டாக்கிய தேக்கத்தைக் காட்டி நீங்களே உத்தரவாதத்தை மறுப்பது என்ன நியாயம்?

படியிலிருந்து தள்ளி, தண்ணீரே நிற்காத இடத்திலும் பூச்சு உரிகிறது. அங்கே உரிந்த ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் மாவு அப்பியிருந்தது, விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. பூச்சு தளத்தைப் பிடிக்கவே இல்லை, தளத்தின் மேல் இருந்த தளர்ந்த மாவைத்தான் பிடித்திருக்கிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அழுத்தத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, ப்ரைமர் அடித்திருந்தால் இந்த மாவு அங்கே இருந்திருக்காது. உங்கள் ஆட்கள் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு நேராக ரோலரைக் கையில் எடுத்ததை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அப்போது கேட்டதற்கு "இதுவே போதும்" என்றார்கள்.

அடுத்தது பூச்சின் கனம். கையேட்டின்படி இரண்டு கோட்டுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 1 லிட்டர் வேண்டும். பூச்சில் காய்ந்த பிறகு தங்கும் திடப்பொருள் கன அளவில் பாதி என்றும் அதிலேயே இருக்கிறது. அப்படியானால் காய்ந்த படலம் அரை மில்லிமீட்டர் வர வேண்டும். பூச்சு அடித்த பரப்பு 60 சதுர மீட்டர், அதற்கு 60 லிட்டர். மாடிக்கு ஏறியது 20 லிட்டர் பக்கெட் இரண்டே இரண்டு. மீதியை ஈடுகட்டத் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் கலந்தால் ரோலர் சுலபமாக ஓடும், பரப்பும் நிறையும். ஆனால் காயும்போது தண்ணீர் ஆவியாகிவிடும், திடப்பொருள் 20 லிட்டர்தான் மிஞ்சும். அதை 60 சதுர மீட்டரில் பரப்பினால் சராசரியாக மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். உரிந்த துண்டுகளின் மாவைத் தட்டிவிட்டுத் திருகு அளவியில் வைத்தபோது 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை காட்டியது. கணக்கும் கருவியும் ஒன்றையே சொல்கின்றன.

"வெள்ளையாகத்தானே இருக்கிறது?" என்றார் உங்கள் பொறியாளர். வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. மெல்லிய பூச்சு பார்வைக்கு வெள்ளையாக இருந்தாலும் அந்தக் கதிர்களில் ஒரு பகுதியை உள்ளே விட்டுவிடும், அடியிலிருக்கும் கான்கிரீட் அதை வாங்கிக்கொள்ளும். துறையில் இருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

தூசு விஷயத்தையும் விட்டுவிடவில்லை. பூச்சில் உரியாத ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, மறுநாள் மதியம் ஒரு மணிக்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்தேன். ஓடு 44 டிகிரி. எதுவும் அடிக்காத வெறும் கான்கிரீட் விளிம்பு 60. கழுவாத பூச்சு 53, கழுவிய இடம் 50. எல்லாம் ஒரே வெயிலில், சில நிமிட இடைவெளியில் எடுத்தவை. தூசுக்கு 3 டிகிரி பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஓட்டுக்கும் கழுவிய பூச்சுக்கும் நடுவே இன்னும் இருக்கும் 6 டிகிரிக்கு யார் பொறுப்பு? விற்கும்போது "ஓட்டுக்குச் சமமாக வேலை செய்யும்" என்று சொன்னது உங்கள் விற்பனையாளர்தான்.

இன்னொன்று. உங்கள் விளம்பரத் தாளில் "அறை வெப்பம் 15 டிகிரி குறையும்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 15 டிகிரி என்பது நல்ல பூச்சு அடித்த கூரையின் மேல்பரப்பில், உச்சி வெயிலில் கிடைக்கக்கூடிய வித்தியாசம். அறைக்குள் சில டிகிரி குறைந்தாலே நல்ல பலன். சுவர் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வரும் சூட்டைக் கூரைப் பூச்சு என்ன செய்யும்? அறை 15 டிகிரி குறையவில்லை என்பது என் புகார் அல்ல. ஆனால் அந்த வரியைத் திருத்துங்கள், அதை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது நான் கேட்பது இவைதான். குழாய் வாய் வரை ஓடுகளில் ஒரு வரிசையைப் பெயர்த்து, பழைய மட்டத்தில் தண்ணீர் போக வழி விடுங்கள். பூச்சுப் பக்கத்தில் பள்ளம் இருந்தால் நூறுக்கு ஒன்று வாட்டம் வருமாறு நிரவுங்கள். தளர்ந்த பூச்சையும் மாவையும் முழுக்கச் சுரண்டி எடுங்கள். பிறகு ஒரு பாலித்தீன் தாளைத் தளத்தில் நாலு ஓரமும் ஒட்டி ஒரு இரவு வைத்து, அடியில் ஈரம் கோர்க்கவில்லை என்று பார்த்த பிறகே ப்ரைமர் அடிக்க வேண்டும். பூச்சு 60 லிட்டரும் மூடி திறக்காத பக்கெட்டுகளில் வர வேண்டும், என் முன்னால்தான் திறக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டும் ஈரமாக இருக்கும்போதே சீப்பு அளவியால் கனத்தை அளந்து குறித்துக் கொடுங்கள். உத்தரவாதம் புதிய வேலை முடியும் தேதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

இதைச் செய்ய இயலாது என்றால் பூச்சு வேலைக்கு வாங்கிய தொகை முழுவதையும் திருப்பித் தாருங்கள், வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் வழக்குப் பதிவு செய்வேன். உரிந்த துண்டுகள் தேதி எழுதிய உறையில் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அளவுகளின் படங்களும் தண்ணீர் தேங்கிய படங்களும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அடுத்த முறை ஆய்வுக்கு ஆள் அனுப்பினால் திருகு அளவியோடு அனுப்புங்கள், இங்கேயே அளந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்