மாதிரிச் செய்தி வாசிப்பு: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, ஒவ்வொரு வகுப்பும் அடுத்த மாதம் ஐந்து நிமிட மாதிரிச் செய்தி ஒன்றை மேடையில் வாசிக்கப் போகிறது. ஒரு செய்தி வாசிப்பாளர், ஒரு களச் செய்தியாளர், வானிலை சொல்ல ஒருவர், பின்னால் இருந்து எழுதவும் நேரம் பார்க்கவும் மற்றவர்கள். முதல் வரைவுகள் என் மேசைக்கு வந்துவிட்டன. படித்துப் பார்த்தேன். அதில் பாதி பிள்ளைகள் எழுதியது இல்லை, நீங்கள் எழுதியது.

கோபத்தில் சொல்லவில்லை. பிள்ளை மேடையில் தடுமாறக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் ஒத்திகையில் பிள்ளைகள் தடுமாறியது அந்த வரிகளில்தான். ஏன் என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

போன வாரம் நம் சைக்கிள் நிறுத்தத்தின் மேல் மரக்கிளை விழுந்தது உங்களுக்குத் தெரியும். அதை ஒரு வகுப்பு முதல் செய்தியாக எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்து வந்த வரைவு இப்படி ஆரம்பித்தது: “நேற்று முன்தினம் நள்ளிரவில் வீசிய பலத்த காற்றின் காரணமாகப் பள்ளி வளாகத்தின் பின்புறம் அமைந்துள்ள மிதிவண்டி நிறுத்துமிடத்தின் மேற்கூரை மீது அங்கிருந்த பழமையான மரத்தின் கிளை முறிந்து விழுந்ததில் ஐந்து மிதிவண்டிகள் சேதமடைந்தன.”

அச்சில் இது தப்பே இல்லை. படிப்பவருக்குப் புரியாவிட்டால் கண் பின்னால் போய் வரும். காதுக்கு அந்த வசதி கிடையாது. அதோடு தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. என்ன நடந்தது என்று தெரிய, கேட்பவர் அத்தனை சொற்களையும் தலையில் சுமந்துகொண்டு ‘சேதமடைந்தன’ வரைக்கும் காத்திருக்க வேண்டும். வாசித்த பிள்ளைக்கு ‘மேற்கூரை’யிலேயே மூச்சு முட்டிவிட்டது.

அதே செய்தியைப் பிள்ளைகள் தாங்களே உட்கார்ந்து மாற்றி எழுதினார்கள்:

வாசிப்பாளர்: நம் பள்ளியின் சைக்கிள் நிறுத்தத்தில் மரக்கிளை விழுந்து ஐந்து சைக்கிள்கள் நசுங்கின. யாருக்கும் காயம் இல்லை. அதே மரத்தில் இன்னொரு கிளையும் ஆபத்தான நிலையில் இருக்கிறது. அதை இறக்கும் வேலை இன்று நடக்கிறது. அங்கே நம் செய்தியாளர் இருக்கிறார். கிளையை இறக்கிவிட்டார்களா?

செய்தியாளர்: இன்னும் இல்லை. ஒருவர் ஏணியில் நிற்கிறார். கிளையில் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். பத்து அடிக்கு இந்தப் பக்கமே எங்களை நிறுத்திவிட்டார்கள். விழுந்த கிளை என் காலடியில் கிடக்கிறது. முறிந்த இடம் உள்ளே கறுத்திருக்கிறது. தொட்டால் தூளாக உதிர்கிறது. தோட்டக்காரர் சொல்கிறார், இந்தக் கிளை உள்ளுக்குள் உளுத்துப்போய் நாளாகிவிட்டதாம்.

இரண்டையும் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். வாக்கியங்கள் சின்னதானது மட்டும் மாற்றம் இல்லை. வீட்டில் எழுதிய வரைவில் குற்றவாளி பலத்த காற்று. நேரில் போய்ப் பார்த்த பிள்ளைக்கு உளுத்துப்போன கிளை கண்ணில் பட்டது. அப்போதும் அவள் ‘கிளை உளுத்ததால் விழுந்தது’ என்று தானாகத் தீர்ப்பு எழுதவில்லை. தான் கண்டதைத் தன் வாயால் சொன்னாள், தோட்டக்காரர் சொன்னதை அவர் பெயரில் வைத்தாள். ‘சொல்கிறார்’ என்பது முதலில் வந்ததையும் கவனியுங்கள். ‘என்று அவர் கூறினார்’ என்று கடைசியில் வைத்தால், அதுவரை அது யாருடைய பேச்சு என்றே கேட்பவருக்குத் தெரியாது.

வாசிப்பாளரிடமிருந்து செய்தியாளருக்குப் பேச்சு கைமாறும் இடத்தில்தான் எல்லா வகுப்பும் சறுக்குகிறது. வாசிப்பாளர் “மரக்கிளை விழுந்து ஐந்து சைக்கிள்கள் நசுங்கின” என்பார். செய்தியாளர் மைக்கைப் பிடித்ததும் “ஆமாம், இங்கே மரக்கிளை விழுந்து ஐந்து சைக்கிள்கள் நசுங்கியுள்ளன” என்பார். ஒரே செய்தியை இரண்டு பேர் சொன்னால் நேரம் போகிறதே தவிர எதுவும் நகர்வதில்லை. என்ன நடந்தது என்பது வாசிப்பாளர் பங்கு. அங்கே போனால்தான் தெரியும் என்பது செய்தியாளர் பங்கு. வாசிப்பாளர் கேட்கப் போகும் கேள்வியைச் செய்தியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும் வேண்டும். ஓர் ஒத்திகையில் வாசிப்பாளர் திடீரென்று “அந்த மரத்துக்கு எத்தனை வயது?” என்று கேட்டுவிட்டார். செய்தியாளர் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

நேரக் கணக்குக்கு வருகிறேன். முகப்பும் தலைப்புச் செய்திகளும் 40 நொடி, களச் செய்தி ஒன்றரை நிமிடம், இரண்டு சிறு செய்திகள் ஒரு நிமிடம், வானிலை ஒரு நிமிடம், முடிவுரை 20 நொடி. கூட்டினால் நாலரை நிமிடம். மிச்சம் 30 நொடியை நிரப்பிவிடாதீர்கள். கைமாறும்போதும் தாள் புரட்டும்போதும் அது கரைந்துவிடும். எத்தனை சொல் எழுதுவது என்பதற்குப் பொதுவான கணக்கு எதுவும் வேண்டாம். உங்கள் பிள்ளையை ஒரு நிமிடம் நிதானமாக வாசிக்கச் சொல்லி, சொற்களை எண்ணுங்கள். 90 வந்தால், ஒன்றரை நிமிடக் களச் செய்திக்கு 135 சொல். அதற்கு மேல் எழுதினால் பிள்ளை வேகத்தைக் கூட்டித்தான் சமாளிக்கும். வேகம் கூடினால் முதலில் பலியாவது ழகரம். ‘மலைப்பகுதியில் மழை’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதட்டும். ஒரு வாக்கியம் அடுத்த தாளுக்கு ஓட வேண்டாம். எண்களை எழுத்தில் எழுதுவது நல்லது. 37 என்று இருந்தால் பல பிள்ளைகள் ஒரு கணம் தயங்குகிறார்கள், ‘முப்பத்தேழு’ என்று இருந்தால் தயங்குவதில்லை.

வானிலைப் பகுதியை நாங்கள் இந்த வருடம் கொஞ்சம் கறாராக நடத்துகிறோம். நேற்று என்ன பதிவானது என்பதைப் பிள்ளைகளே அளந்து சொல்ல வேண்டும். இன்று என்ன நடக்கலாம் என்பதை வானிலை மையத்தின் அன்றைய அறிவிப்பிலிருந்து எடுத்து, அதன் பெயரையும் சொல்லி வாசிக்க வேண்டும். அறிவிப்பில் ‘மழைக்கு வாய்ப்பு’ என்று இருந்தால், வாசிப்பிலும் வாய்ப்பு என்றே வர வேண்டும். ‘மழை பெய்யும்’ என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அளப்பதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரே இரவில் பெய்த ஒரே மழைக்கு ஏழாம் வகுப்பு 12 மில்லிமீட்டர் என்றது, எட்டாம் வகுப்பு 48 என்றது. இரண்டு பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. ஏழாம் வகுப்பினர் வைத்தது மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள பாட்டில். எட்டாம் வகுப்பினர் அதேபோன்ற பாட்டிலின் வாயில் புனல் வைத்திருந்தார்கள். புனலின் வாய் பாட்டிலைப் போல இரண்டு மடங்கு அகலம். இரண்டு மடங்கு அகலம் என்றால் நான்கு மடங்கு பரப்பு. நான்கு மடங்கு மழையை வாங்கி ஒரு பாட்டிலுக்குள் விட்டால் நீர் நான்கு மடங்கு உயரம் நிற்கும். 48-ஐ நாலால் வகுத்தால் 12. புனல் வைப்பது தப்பில்லை, வகுக்க மறந்ததுதான் தப்பு. ஒரு வகுப்பு மட்டும் அளந்திருந்தால் 48 என்றே வாசித்திருப்போம். அதனால் இனி இரண்டு வகுப்பும் தினமும் ஒரே நேரத்தில் அளந்து, ஒப்பிட்டுவிட்டுத்தான் எழுதும்.

12 மில்லிமீட்டர் என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் தோன்றாது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் அன்று விழுந்தது 1,200 லிட்டர். ஏழாம் வகுப்பு அதைத்தான் எழுதியிருக்கிறது.

காற்றின் திசையிலும் ஒரு குழப்பம் வரும். காற்று எங்கே போகிறது என்பதை வைத்து அதற்குப் பெயர் வைப்பதில்லை, எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வரைபடத்தின் முன் நிற்கும் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல்: சபையைப் பார்த்து நின்றால் கிழக்கு அவளுடைய இடது கைப் பக்கம் இருக்கும். வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகாதீர்கள், எதிரே நீங்கள் உட்காருங்கள்.

கடைசியாக, கொஞ்சம் கண்டிப்பான விஷயம். போன வருடம் ஒரு பிள்ளை மேடையில் “கனமழை காரணமாக நாளை பள்ளிக்கு விடுமுறை” என்று கற்பனையாக வாசித்தாள். யாரோ அந்த இருபது நொடியை மட்டும் போனில் எடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மூன்று வகுப்புகளில் பாதிப் பெஞ்சு காலி. வாசித்த பிள்ளை மேல் தவறில்லை. அந்தத் துண்டில் அது மாதிரிச் செய்தி என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. அதை யோசிக்காதது என் தவறு. தொடக்கத்தில் ஒருமுறை “இது மாதிரிச் செய்தி” என்று சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். வெட்டி எடுத்த துண்டில் தொடக்கம் இருக்காதே.

எனவே இந்த முறை வாசிப்பாளரின் மேசை முன்பும், செய்தியாளரின் மைக்கிலும், வானிலை வரைபடத்தின் மூலையிலும் ‘மாதிரிச் செய்தி’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்போம். எங்கே வெட்டினாலும் அது கூடவே வர வேண்டும். விடுமுறை, விபத்து, நோய், தேர்வு பற்றிக் கற்பனைச் செய்தி எழுத அனுமதி இல்லை. கற்பனையே வேண்டும் என்றால் நிலாவில் கால்பந்துப் போட்டி நடத்தட்டும், யாரும் நம்பிக் கிளம்ப மாட்டார்கள். செய்தி பெரிதாக இல்லையே என்று பிள்ளைகள் கவலைப்பட்டால் இதைச் சொல்லுங்கள்: 1930 ஏப்ரல் 18 அன்று மாலை பிபிசி வானொலி, இன்று செய்தி எதுவும் இல்லை என்று அறிவித்துவிட்டுப் பியானோ இசையை ஒலிபரப்பியது.

திருத்திய வரைவுகள் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வர வேண்டும், பிள்ளையின் கையெழுத்தில். நீங்கள் செய்யக்கூடியது, கையில் கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்து கேட்பது. புரியாத இடத்தில் கையைத் தூக்குங்கள். திருத்திக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள காலி பாட்டில் வீட்டில் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். எட்டாம் வகுப்புக்குப் புனல் இல்லாமல் அளக்க ஒன்று வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்