கோமதிக்கு, உன் 19 அலாரங்கள் பற்றி

அன்புள்ள கோமதி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கு வலது கை விரல் லேசாக அசைகிறது என்று எழுதியிருந்தாய், அந்த வரியில்தான் மூச்சு வந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில், போனில் 19 அலாரம் வைத்திருக்கிறேன், இப்போது எது அடித்தாலும் கை தானாகப் போய் அணைத்துவிடுகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் என் அப்பாவின் கடைசி மூன்று வருடம் அப்படியே கண்முன் வந்தது.

நானும் அதேதான் செய்தேன். அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். லெவோடோபா மாத்திரை ஒரு நாளைக்கு ஐந்து வேளை, அதுவும் நேரம் தவறக்கூடாது. ஒரு நாள் 2 மணி அலாரம் அடித்தபோது படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். இதோ கொடுத்துவிடலாம் என்று அணைத்தேன். அவ்வளவுதான், அந்த எண்ணமே போய்விட்டது. மூன்றரை மணிக்கு அப்பாவால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை, உடம்பு கட்டைபோல் இறுகிக் கிடந்தது. அப்புறம்தான் மருந்துப் பட்டையை எண்ணிப் பார்த்தேன்.

அலாரத்துக்குக் கூப்பிட மட்டும்தான் தெரியும், வேலை நடந்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. அன்றிலிருந்து இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். போனை மருந்துப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தேன், எழுந்து போனால்தான் அணைக்க முடியும். மாத்திரை கையில் இருந்தால் மட்டும் அணைப்பது, இல்லையென்றால் பத்து நிமிடம் தள்ளி வைப்பது. இரண்டாவது, நோட்டில் டிக் போடுவது விழுங்கிய பிறகுதான், பட்டையிலிருந்து எடுத்தபோது அல்ல. எடுத்து வைத்த மாத்திரை தண்ணீர்க் குவளைக்குப் பின்னால் மாலை வரை கிடந்த கதையெல்லாம் உண்டு.

உன் அம்மாவுக்கு இது இன்னும் முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை இருக்கிறதே, அதை விட்டாலும் ஆபத்து, கொடுத்ததை மறந்து இரண்டாவது முறை கொடுத்தாலும் ஆபத்து. கொடுத்தேனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இன்னொன்றைக் கொடுத்துவிடாதே, டாக்டரையோ மருந்தாளரையோ கேள். ஏழு நாளுக்கும் வேளைக்கு வேளை தனித்தனி அறை உள்ள மருந்துப் பெட்டி வாங்கிக்கொண்டால் அந்தச் சந்தேகமே பெரும்பாலும் வராது, அறை காலியா இல்லையா என்று பார்த்தால் போதும். ஈரம் படக்கூடாத சில மாத்திரைகளைப் பட்டையிலிருந்து பிரிக்கக்கூடாது, அதை மட்டும் வாங்கும்போதே கேட்டுவிடு. வாரம் ஒருநாள் பெட்டியை நிரப்பு. பத்து நாளுக்குக் குறைவாக எது இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும், மருந்து வாங்கத் தனியாக அலாரம் வேண்டாம்.

சரி, உன் 19க்கு வருவோம். நீ எழுதியிருந்தபடி மருந்துக்கு மூன்று, ரத்த அழுத்தம் பார்க்க ஒன்று, கை கால் பயிற்சிக்கு இரண்டு, டயப்பருக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கப் பன்னிரண்டு. இதில் கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டியது மருந்து மட்டும்தான். ரத்த அழுத்தத்தைக் காலை மருந்துக்கு முன்னால் பார்த்துவிட்டால் அதே அலாரத்தில் முடிந்துவிடும். திருப்பிப் படுக்க வைப்பது கடிகாரத்தோடு சேர்ந்த வேலை இல்லை, கடைசியாக எப்போது திருப்பினாயோ அதிலிருந்து எண்ண வேண்டியது. 9.40க்குத் திருப்பிவிட்டு 10 மணிக்கு அலாரம் அடித்தால் அதை அணைக்கத்தான் தோன்றும். அப்படித்தான் அலாரத்தை மதிக்காத பழக்கம் வருகிறது. அதற்கு ஒரு டைமர் வை. திருப்பியதும் இரண்டு மணி நேரத்துக்கு மறுபடி ஓடவிடு. டயப்பரைப் பார்ப்பதையும் பயிற்சியையும் திருப்பும் வேளையிலேயே சேர்த்துக்கொள்.

இரவுதான் சிக்கல். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்தால் உனக்குத் தூக்கம் என்று ஒன்றே இருக்காது. காற்று மெத்தை இருந்து, தோலும் நன்றாக இருந்தால் சிலருக்கு இரவில் நான்கு மணி நேர இடைவெளி போதும் என்பார்கள். நீயாக முடிவு செய்யாதே, அம்மாவின் தோலைப் பார்க்கச் சொல்லி நர்ஸிடம் கேள். சரி என்றால் 10 மணிக்குத் திருப்பிவிட்டுப் படு, 2 மணிக்கு ஒரு அலாரம், 6 மணிக்கு ஒன்று. மருந்தோடு சேர்த்து மொத்தம் ஐந்து. தினமும் காலையில் முதுகெலும்பின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பின் பக்கங்கள் எல்லாம் பார். சிவந்த இடத்தை விரலால் சில நொடி அழுத்தி எடுத்தால் வெளிறிப் பிறகு சிவக்க வேண்டும். வெளிறாமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று அர்த்தம். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் தொட்டும் பார். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் இடைவெளியை மறுபடி குறைத்துவிட்டு அன்றே நர்ஸிடம் சொல்.

டாக்டரிடம் போகும் நாட்களுக்கு என் வழி இது. ஒரு தேதிக்கு மூன்று நினைவூட்டல். ஒரு வாரம் முன்னால் வண்டிக்கும் துணைக்கும் சொல்ல, முந்தின நாள் மாலை ஃபைல் எடுத்துவைக்க, அன்று காலை கிளம்ப. அதில் 'ரத்தப் பரிசோதனை' என்று எழுதாதே, 'இரவு 9க்கு மேல் தண்ணீர் மட்டும்' என்று செய்ய வேண்டியதை எழுது. எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்பதை மட்டும் அவர்களிடம் கேட்டுக்கொள். இன்னொன்று, போனைத் தொந்தரவு வேண்டாம் என்ற நிலையில் வைத்திருந்தால் காலண்டர் நினைவூட்டல் சத்தமில்லாமல் வந்து போய்விடும், அலாரம் பொதுவாக அடிக்கும். அதிகாலையில் கிளம்ப வேண்டுமென்றால் அலாரமே வை. மருந்து மாறிய நாளில் வீட்டுக்கு வந்ததும் பெட்டி, அலாரம், நோட்டு மூன்றையும் அன்றே மாற்றிவிடு. நான் ஒருமுறை அலாரத்தை மட்டும் மாற்றினேன், பெட்டியில் பழைய அளவே நான்கு நாள் ஓடியது.

உன் ஓய்வு விஷயம். 'ஓய்வு' என்று நானும் மாலை 4 மணிக்கு அலாரம் வைத்திருந்தேன். ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த நேரத்துக்கு அப்பா பக்கத்தில் வேறு யாரும் இல்லாதபோது நான் எங்கே போவேன்? தம்பி செவ்வாய், வெள்ளி இரவுகளை எடுத்துக்கொண்ட பிறகுதான் அது நடந்தது. அந்த இரவுகளில் 2 மணி அலாரம் அவன் போனில்தான், என் போன் அணைந்து அடுத்த அறையில் கிடக்கும். முதல் வாரம் அலாரம் என் போனிலேயே இருந்தது. அவன் எழுந்திருப்பதற்குள் நான் எழுந்துவிடுவேன், அப்புறம் அவன் எதற்கு? உன் அண்ணனிடம் 'உதவி பண்ணு' என்று பொதுவாகச் சொல்லாதே. 'புதன் இரவு 10 முதல் 6 வரை உன்னுடையது, இதோ நோட்டு' என்று கிழமை சொல்லிக் கேள். நீ தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் பல் டாக்டர் தேதியையும் அம்மாவின் தேதிகள் இருக்கும் அதே காலண்டரில் எழுது. தனியாக வைத்தால் அதுதான் முதலில் விழும்.

ஒன்று மட்டும் கவனித்துக்கொள். நோட்டில் ஒரு நாளின் டிக்கெல்லாம் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருந்தால், இரவு உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து போட்டிருக்கிறாய் என்று அர்த்தம். என் நோட்டில் அப்படிப் பக்கங்கள் வந்த வாரத்தில்தான் தம்பியைக் கூப்பிட்டேன்.

உன் நோட்டில் கடைசி பத்து நாள் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. ஞாயிறு மாலை பேசலாம், அண்ணனையும் பக்கத்தில் உட்கார வை.

அன்புடன்,
சாந்தா